மியூனிக்கில் கேட் மாறிவிட்டது: இந்த ஜெர்மன் அறிவிப்பில் என்ன சொல்கிறார்கள்?

செம்பூர் வாசி | நவம்பர் 14, மாலை 4.21

அவசரம். ஜெர்மன் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். அப்பாவும் அம்மாவும் ஹாம்பர்க்கில் அக்கா வீட்டிலிருந்து மும்பைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் மியூனிக்கில் விமானம் மாற வேண்டும். போர்டிங் பாஸில் H17 என்று இருக்கிறது. அங்கே போனால் திரையில் வேறு ஊர் பெயர். அப்பா ஒலிபெருக்கி அறிவிப்பைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆங்கிலத்தில் சொல்லும்போது பக்கத்தில் ஒரு குழந்தை அழுகிறது, ஒன்றும் புரியவில்லை. ஜெர்மன் பகுதி என் காதில் விழுந்தபடி:

"நாஹ் மும்பை கேட் ஹொய்டே ஃபோன் கேட் எல் ஃபியர் உண்ட் ட்ஸ்வான்ஸிக் ஷ்டாட் ஃபோன் கேட் ஹா ஸீப்ஸேன்."

விமானம் அங்கே 12.15க்கு. இப்போது அங்கே 11.51.

தாணே தம்பி | மாலை 4.26

நான் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். ஃபியர் நான்கு, ட்ஸ்வான்ஸிக் இருபது. "கேட்" மூன்று தடவை வருகிறது, அதனால் கொஞ்சம் குழப்பம். கடைசியில் சொல்வதுதான் புதிய கேட்டாக இருக்கும். ஹா என்றால் H, ஸீப்ஸேன் 17. ஆக H17 சரியான இடம்தான், அங்கேயே உட்காரச் சொல்லுங்கள். எல் என்று வருவது பழையது, L42 போல.

மாட்டுங்கா பெரியவர் | மாலை 4.30

உட்காரக் கூடாது. உடனே எழுந்து L24க்குப் போகச் சொல்லுங்கள். "ஷ்டாட்" என்றால் "அதற்குப் பதிலாக". H17க்குப் பதிலாக L24. எண் இருபத்து நான்கு, நாற்பத்திரண்டு இல்லை. L கேட்டுகள் தனிக் கட்டடத்தில் இருக்கின்றன, சாட்டிலைட் என்பார்கள். கீழே இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். ரயில் ஓடுவது ஒரு நிமிடம்தான், ஏறி இறங்குவதற்குத்தான் நேரம் ஆகும். அப்பா மட்டும் முன்னால் போய் கேட்டில் இருப்பவர்களிடம் "பின்னால் ஒருவர் வருகிறார்" என்று சொல்லட்டும். போன் பண்ணுங்கள், எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

செம்பூர் வாசி | மாலை 4.54

கிடைக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, எஸ்கலேட்டரில் பயந்து பயந்து ஏறியிருக்கிறார். 12.06க்கு கேட்டுக்குப் போனார்களாம். கதவு மூடியாகிவிட்டது. விமானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்ததாம், ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அழுகிறார். இணையத்தில் நாளைக்கு வேறு டிக்கெட் வாங்கிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் காட்டுகிறது.

சயான்காரன் | மாலை 4.58

மும்பையிலும் இதே தொல்லைதான். டெர்மினல் 1, டெர்மினல் 2 என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். டாக்சிக்காரரிடம் முதலிலேயே சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

மாட்டுங்கா பெரியவர் | மாலை 5.03

டிக்கெட் வாங்காதீர்கள். கார்டை உள்ளே வையுங்கள். நான் சகார் விமான நிலையத்தில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி நேரத்தில் பிள்ளைகள் பதறிப்போய் வேறு டிக்கெட் வாங்கி, பழைய டிக்கெட்டில் இருந்த உரிமையைக் கோட்டை விட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் மூன்று கேள்வி. ஹாம்பர்க்கிலிருந்து மும்பை வரை ஒரே முன்பதிவா, அதாவது ஒரே ஆறெழுத்துக் குறியீடா? ஹாம்பர்க் விமானம் மியூனிக்கில் எத்தனை மணிக்கு இறங்க வேண்டியது, உண்மையில் எத்தனை மணிக்கு இறங்கியது? அப்பாவின் மருந்து எந்தப் பையில் இருக்கிறது?

செம்பூர் வாசி | மாலை 5.11

ஒரே குறியீடு, ஒரே கம்பெனி. 10.25க்கு இறங்க வேண்டியது, 11.28க்குத்தான் இறங்கியிருக்கிறது. ஹாம்பர்க்கில் காலையில் மூடுபனி என்று விமானி சொன்னாராம். அப்புறம் பாஸ்போர்ட் வரிசையில் ஒரு கால் மணி நேரம் போய்விட்டது. அப்பாவின் இன்சுலின் கைப்பையில் இருக்கிறது. பிரஷர் மாத்திரை மட்டும் பெரிய பெட்டிக்குள், செக்-இன் ஆகிவிட்டது.

மாட்டுங்கா பெரியவர் | மாலை 5.29

அப்படியென்றால் கதை வேறு. உங்கள் பெற்றோர் விமானத்தைத் தவறவிட்டது கேட் அறிவிப்பு புரியாததால் அல்ல. முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததால். கேட் விஷயம் கடைசிப் பத்து நிமிடத்துச் சங்கதி. சர்வீஸ் சென்டரில் அப்பா பேசும்போது இந்த வரிசையில் பேச வேண்டும்: "எங்கள் முதல் விமானம் 63 நிமிடம் தாமதம், அதனால் இணைப்பு போய்விட்டது, அடுத்த விமானத்தில் இடம் கொடுங்கள்."

இதில் பொய் ஒன்றும் இல்லை, நடந்தது அதுதான். ஆனால் நம் பெரியவர்கள் கவுண்டருக்குப் போனதும் "எங்களுக்கு பாஷை புரியவில்லை, தப்பான கேட்டில் உட்கார்ந்துவிட்டோம்" என்று அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். எதிரில் இருப்பவர் பயணி வரவில்லை என்று தட்டி வைத்துவிட்டால் மாற்று விமானத்துக்குப் பணம் கேட்பார்கள். முதல் விமானத்தின் தாமதம் என்று பதிவானால் மாற்று டிக்கெட், இரவு தங்க ஹோட்டல், சாப்பாட்டு வவுச்சர், ஹோட்டலுக்குப் போய்வர வண்டி எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஐரோப்பிய விதி 261, 2004ஆம் ஆண்டு வந்தது. மூடுபனியே காரணமாக இருந்தாலும் ஹோட்டலும் சாப்பாடும் கொடுத்தாக வேண்டும்.

வரிசை நீளமாக இருந்தால் அப்பா நிற்கட்டும், நீங்கள் அதே நேரத்தில் இங்கிருந்து கம்பெனி எண்ணுக்குப் போன் போடுங்கள். யார் முதலில் பிடித்தாலும் சரி.

பெட்டியைப் பற்றி. ஆள் ஏறாவிட்டால் பெட்டியை விமானத்திலிருந்து இறக்கிவிடுவார்கள், அது பாதுகாப்பு விதி. ஆகவே பெட்டி மியூனிக்கிலேயே இருக்கும். மருந்து உள்ளே இருக்கிறது என்று கவுண்டரில் சொன்னால் எடுத்துத் தர ஏற்பாடு செய்வார்கள், இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். நாளை காலைக்குள் மாத்திரை வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

முலுண்ட் அக்கா | மாலை 5.47

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. நான் இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தேன், ஒன்று லண்டனிலிருந்து வளைகுடா வரை, இன்னொன்று அங்கிருந்து மும்பைக்கு. முதலாவது தாமதமானது. இரண்டாவது கம்பெனி "நீங்கள் எப்படி வந்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது, கவுண்டர் மூடியாயிற்று" என்று முடித்துவிட்டது. முழுப் பணமும் போயிற்று. பெட்டி எடுக்க வெளியே போகவும் விசா இல்லை. ஒரே குறியீடா என்று பெரியவர் முதலில் கேட்டதன் அருமை எனக்குத் தெரியும்.

தாணே தம்பி | மாலை 5.52

நான் எண்ணைத் தலைகீழாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் ஒரு நல்ல செய்தி. அந்த 261 விதிப்படி ஆளுக்கு 600 யூரோ கிடைக்கும். 3,500 கிலோமீட்டருக்கு மேல், நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதம். இரண்டு பேருக்கு 1,200 யூரோ உறுதி.

மாட்டுங்கா பெரியவர் | மாலை 6.05

உறுதி என்று சொல்லாதீர்கள் தம்பி. தொகை சரி. ஆனால் வானிலை போன்ற அசாதாரணக் காரணம் என்று கம்பெனி நிரூபித்தால் 600 கிடையாது. ஹோட்டலும் மாற்று விமானமும் மட்டும்தான். அதைப் பிறகு பார்ப்போம், இப்போது இரவு எங்கே தூங்குவது என்பதுதான் கேள்வி.

செம்பூர் வாசி | இரவு 7.40

அப்பா கவுண்டரை அடைந்துவிட்டார். நீங்கள் சொன்ன வரிசையிலேயே பேசினார், கேள்வி எதுவும் கேட்கவில்லையாம். இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, இன்று இரவே ஃப்ராங்க்ஃபர்ட் போய் அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து உள்நாட்டு விமானத்தில் மும்பை. இன்னொன்று, நாளை இதே நேரத்து மும்பை விமானம், இரவு ஹோட்டல். அப்பா முதலாவதை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்கிறார். இருபது நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும்.

ஹோட்டலுக்குப் போவதில் வேறு ஒரு பயம். பாஸ்போர்ட் சோதனையில் அவர்கள் வெளியேறியதாகப் பதிந்தாகிவிட்டது. விசா ஒரு தடவை நுழைவதற்கு மட்டும். திரும்ப உள்ளே விடுவார்களா?

மாட்டுங்கா பெரியவர் | இரவு 7.49

நாளை விமானத்தை எடுங்கள். டெல்லி வழி காகிதத்தில்தான் சீக்கிரம். இந்தியாவுக்குள் முதலில் இறங்கும் ஊரில் குடியேற்றச் சோதனை, பெட்டியை பெல்டிலிருந்து எடுப்பது, கஸ்டம்ஸ் தாண்டுவது, பிறகு உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி பெட்டி போடுவது என்று எல்லாம் டெல்லியில் நடக்கும். முழங்கால் வலியோடு அம்மா, மூன்று விமானம், இரண்டு இணைப்பு. அதில் ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. நவம்பரில் டெல்லியின் காலைப் பனியும் சேர்ந்துகொள்ளலாம். ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து நேராக மும்பைக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நாளைதான். அம்மாவுக்கு வீல்சேர் இப்போதே கேட்டுப் பதிந்துகொள்ளட்டும், மாற்று டிக்கெட்டில் அது தானாக வராது.

விசா பற்றி: பயப்பட வேண்டாம், ஆனால் தானாக வெளியே நடந்துவிடவும் கூடாது. கம்பெனியிடம் மாற்று முன்பதிவு அச்சும் ஹோட்டல் வவுச்சரும் வாங்கிக்கொண்டு எல்லைக் காவலர் கூண்டுக்குப் போக வேண்டும். அவர்கள் விமானம் ஏறவில்லை என்பதைப் பார்த்து, வெளியேறிய பதிவை ரத்து செய்வார்கள். அப்புறம் அவர்கள் நாட்டை விட்டே போகாதவர்கள் என்று ஆகிவிடும். புது நுழைவு தேவையில்லை.

விசா ஸ்டிக்கரில் இரண்டு விஷயம் பாருங்கள். "எந்தத் தேதி வரை செல்லும்" என்பது ஒன்று, "எத்தனை நாள் தங்கலாம்" என்பது வேறு. நம்மவர்கள் தேதியை மட்டும் பார்ப்பார்கள். நாள் கணக்கு முடிந்திருந்தால், தேதி மிச்சம் இருந்தாலும் கூடுதல் நாள் கூடுதல்தான்.

செம்பூர் வாசி | இரவு 8.02

45 நாள். இன்று 42ஆவது நாள் என்று அக்கா எண்ணிச் சொன்னாள்.

மாட்டுங்கா பெரியவர் | இரவு 8.04

போதும். முடிந்திருந்தால் அங்கேயே நீட்டிப்பு கேட்டிருக்கலாம், தவிர்க்க முடியாத காரணத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அவர்கள் விசா விதியிலேயே இருக்கிறது. உங்களுக்கு அது வேண்டியதில்லை.

செம்பூர் வாசி | நவம்பர் 15, அதிகாலை 12.20

ஹோட்டலில் இருக்கிறார்கள். எல்லைக் காவலர் அம்மாவிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டாராம். காகிதத்தைப் பார்த்துவிட்டு உள்ளே யாரிடமோ பேசி, பதிவை மாற்றி வழி விட்டுவிட்டார். அப்பாவின் பெட்டி மட்டும் வந்தது, அம்மாவுடையது கிடைக்கவில்லை. மாத்திரை போட்டாயிற்று. வவுச்சரில் சூப்பும் ரொட்டியும். அம்மா அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரையைத்தான் சாப்பிட்டாராம்.

தாணே தம்பி | நவம்பர் 15, காலை 9.15

இரவு முழுக்க அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "நாஹ் மும்பை"க்கு அடுத்து வரும் முதல் "கேட்" விமான நிலைய கேட் இல்லை! "போகிறது" என்ற ஜெர்மன் வினைச்சொல். உச்சரிப்பு கேட் மாதிரியே இருக்கிறது. அதைப் பிரித்துவிட்டால் வாக்கியம் நேராகிவிடுகிறது: மும்பைக்கு விமானம் இன்று போகிறது, L24 கேட்டிலிருந்து, H17க்குப் பதிலாக. எண்ணில் நான்கு முதலில் வந்து இருபது பின்னால் வரும் என்பது வகுப்பில் படித்ததுதான். ஆனால் அவசரத்தில் காதில் விழுந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறோம்.

மாட்டுங்கா பெரியவர் | காலை 10.02

நன்றாகக் கண்டுபிடித்தீர்கள் தம்பி. எண்ணைவிட எழுத்து இன்னும் மோசம். ஜெர்மனில் G எழுத்தை "கே" என்பார்கள், நம் காதுக்கு அது ஆங்கில K. K எழுத்தை "கா" என்பார்கள், H "ஹா". ஒலிபெருக்கியில் காவும் ஹாவும் ஒன்றுபோலத்தான் கேட்கும். E எழுத்தை "ஏ" என்பார்கள், அதை A என்று எழுதிக்கொண்டு அலைபவர்கள் உண்டு.

மியூனிக்கின் இரண்டாம் டெர்மினலில் இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. G, K இரண்டும் ஷெங்கன் நாடுகளுக்குள் பறப்பவை. H, L இரண்டும் வெளியே பறப்பவை, பாஸ்போர்ட் சோதனைக்கு அப்பால் இருப்பவை. மும்பை விமானம் G-யிலிருந்தோ K-யிலிருந்தோ கிளம்பாது. அப்படிக் காதில் விழுந்தால் தப்பாகக் கேட்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். பாஸ்போர்ட் சோதனை முடித்த ஒருவர் K என்று நினைத்து மறுபடி அந்தப் பக்கம் போக முயன்றால் இருக்கிற நேரமும் போய்விடும்.

எப்படியும் ஒலிபெருக்கி இரண்டாம் பட்சம். கேட்டில் வேறு ஊர் பெயர் இருந்தால் அங்கே நின்று அறிவிப்புக்குக் காத்திருக்கக் கூடாது. அருகில் உள்ள பெரிய புறப்பாட்டுத் திரையில் விமான எண்ணைத் தேட வேண்டும். ஊர்ப் பெயரைத் தேடக் கூடாது, ஒரே ஊருக்கு இரண்டு விமானம் இருக்கலாம்.

முலுண்ட் அக்கா | காலை 11.30

வயதானவர்களுக்குத் திரை எழுத்து தெரிவதில்லை, எண்கள் ஓடி ஓடி மறையும். என் மாமனார் போர்டிங் பாஸை அங்கே நிற்கும் யாரிடமாவது காட்டி விரலால் கேட்பார். சீருடை போட்டவர்கள் எல்லோரும் தலையசைத்து வழி காட்டியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் நம்பிக்கை.

செம்பூர் வாசி | நவம்பர் 16, மாலை 3.10

நேற்று நள்ளிரவு தாண்டி வந்து சேர்ந்தார்கள். 24 மணி நேரத்துக்குச் சற்று மேலான தாமதம். அம்மாவின் பெட்டியும் வந்துவிட்டது, கைப்பிடி மட்டும் உடைந்து. வீல்சேர் கொடுத்ததால் அம்மா சோர்வில்லாமல் இருக்கிறார்.

இனி அந்த 600 யூரோ. கம்பெனியின் பதிலைக் கேட்காமலே விட்டுவிடலாம், மூடுபனிதானே என்கிறார் அப்பா. எனக்கு மனம் ஒப்பவில்லை. அக்கா சொல்வதைப் பாருங்கள்: காலை 7.30க்கு அவள் கொண்டுவிடும்போது மூடுபனி இருந்தது, 8.30க்கு வெயில் வந்துவிட்டது. இவர்களுக்கு முன்னும் பின்னும் மியூனிக் போன விமானங்கள் நேரத்துக்குப் போயிருக்கின்றன. இவர்கள் விமானம் மட்டும் தாமதம்.

தாணே தம்பி | மாலை 3.25

அப்படியென்றால் மூடுபனி சாக்குதான். கட்டாயம் கிடைக்கும்.

மாட்டுங்கா பெரியவர் | மாலை 4.40

அதுவும் அவசரம். அந்த விமானம் காலையில் வேறொரு ஊரிலிருந்து ஹாம்பர்க்குக் கிளம்பி, மூடுபனியால் தாமதமாக வந்திருக்கலாம். அப்போது காரணம் உண்மையாகவே பனிதான், மற்ற விமானங்கள் சரியாகப் போனது தற்செயல். வேறு மாதிரியும் இருக்கலாம்: பனி கலைந்த பிறகு ஊழியர் வரவில்லை, இயந்திரத்தில் கோளாறு என்று ஏதோ ஒன்று. இயந்திரக் கோளாறை ஐரோப்பிய நீதிமன்றம் பொதுவாக அசாதாரணக் காரணமாக ஏற்றுக்கொள்வதில்லை. எது என்று நாம் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கம்பெனிக்குத்தான், உங்களுக்கு இல்லை. வெறுமனே "வானிலை" என்று ஒரு சொல்லில் எழுதி அனுப்பினால் எந்த விமான நிலையத்தில், எத்தனை மணிக்கு, எந்த உத்தரவால் நிறுத்தினீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

விண்ணப்பத்தில் கேட் அறிவிப்பைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம். ஹாம்பர்க் முதல் மும்பை வரை ஒரே பயணம், முதல் விமானம் 11.28க்கு இறங்கியது, மும்பையில் ஒரு நாள் தாமதம், இரண்டு போர்டிங் பாஸ், மாற்று முன்பதிவு. இவ்வளவுதான். அவர்களாக "47 நிமிடம் இருந்ததே, நீங்கள்தான் தாமதமாக கேட்டுக்கு வந்தீர்கள்" என்று எழுதினால் அப்போது பாஸ்போர்ட் வரிசையையும், போர்டிங் பாஸில் இருந்த H17ஐயும், பதிவு செய்த அறிவிப்பையும் எடுத்து வையுங்கள். உங்களுக்கு அதுதான் பலவீனமான இடம், சொல்லிவிடுகிறேன். 47 நிமிடம் போதும் என்று வாதாட அவர்களுக்கு இடம் இருக்கிறது. கவுண்டரில் கேள்வி கேட்காமல் ஹோட்டல் கொடுத்தது உங்கள் பக்கம் பேசும், ஆனால் அது மட்டும் போதாது.

செம்பூர் வாசி | மாலை 5.15

ஜெர்மனியில் எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும்?

மாட்டுங்கா பெரியவர் | மாலை 5.21

அந்த ஆண்டு முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டு. நேரம் தாராளம். ஆனால் பெட்டியின் கைப்பிடிக்கு அந்தக் கணக்கு இல்லை. சேதமான பெட்டிக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். அதை இன்றே அனுப்புங்கள், படம் எடுத்து, பெட்டியின் டேக் எண்ணோடு.

செம்பூர் வாசி | நவம்பர் 18, காலை 8.50

இரண்டு விண்ணப்பமும் தனித்தனியாக அனுப்பிவிட்டேன். பெட்டிக்கு ஒப்புகை எண் வந்தது. 600க்கு இன்னும் ஒன்றும் இல்லை. அப்பா அந்த ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் அழித்துவிட்டிருந்தார், நல்ல வேளை என் போனில் இருக்கிறது. 14ஆம் தேதி காலை ஹாம்பர்க்கில் அந்த விமானம் எந்த ஊரிலிருந்து வந்து நின்றது என்று பறப்புத் தடம் காட்டும் தளங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய விவரம் சில நாள்தான் இலவசமாகத் தெரிகிறது. விமானத்தின் வாலில் இருந்த பதிவெண் அக்கா எடுத்த படத்தில் பாதிதான் விழுந்திருக்கிறது. கட்டணக் கணக்கு வைத்திருப்பவர்கள் யாராவது பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தாணே தம்பி | காலை 9.04

படத்தை அனுப்புங்கள் அண்ணா, என் நண்பன் ஒருவனிடம் கணக்கு இருக்கிறது.